சுண்ணாம்புப் பூச்சு முகப்புகளின் ஆவணப் படம்: கோணம், ஒளி, நுண்விவரம்

செட்டிநாட்டு வீட்டு முகப்பைப் பழுதுபார்க்கும் கொத்தர் பழைய படத்தில் தேடுவது அழகையன்று. அளவையும் பூச்சின் நிலையையும் ஆகும். அவை படத்தில் சரியாகப் பதியும் முறையை, 9 மீட்டர் உயரமுள்ள முகப்பு ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் தூண்கள் உச்சியில் ஒன்றையொன்று நெருங்கித் தோன்றும். கேமராவின் உணரி சுவருக்கு இணையாக இல்லாமையே இதற்குக் காரணம். ஆகவே, மட்டம் பார்த்துக் கேமராவைச் சாய்வின்றி நிறுத்தவேண்டும். தெரு குறுகலாக இருப்பதால் 8 மீட்டர் மட்டுமே பின்வாங்க முடிகிறது என்று கொள்வோம். 24 × 36 மி.மீ. உணரியும் 24 மி.மீ. லென்சும் உடைய கேமராவை நெடுக்காக வைத்தால் 12 மீட்டர் உயரம் சட்டத்துள் அடங்கும். ஆயினும் கேமரா தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருப்பின், 7.5 மீட்டர் வரையே பதியும். எஞ்சிய பகுதியைப் பெற, நகர்வு லென்சை ஏறத்தாழ 5 மி.மீ. மேலே நகர்த்தலாம், அல்லது கேமராவை 3 மீட்டருக்குச் சற்று மேலே உயர்த்தலாம். மென்பொருளால் பின்னர் நேராக்கினால், மேற்பகுதி விரிக்கப்படுவதால் அங்குள்ள நுண்விவரம் மங்கும்.

நேரான படத்திலும் அளவு சுவரின் தளத்திற்கு மட்டுமே பொருந்தும். சுவரிலிருந்து 0.6 மீட்டர் முன்தள்ளிய கொடுங்கை கேமராவுக்கு 7.4 மீட்டர் தொலைவில் இருப்பதால், ஏறத்தாழ 8 விழுக்காடு பெரிதாகத் தோன்றும். அதன் அளவை நேரில் எடுத்துக் குறித்தல் வேண்டும்.

ஒளியைப் பொறுத்தவரை, ஒரே இடத்திலிருந்து இரு படங்கள் தேவை. மேகம் மூடிய வானின் சீரான ஒளியில், நிற அட்டையுடன் எடுத்த படம் நிறத்தையும் கறையையும் காட்டும். சுவரை ஒட்டிச் சாய்வாக வீசும் ஒளியில் எடுத்த படம் பூச்சின் உப்பலையும் கரணைத் தடத்தையும் காட்டும். சாய்வொளி மேடுபள்ளத்தை மிகைப்படுத்துவதால், அப்படத்தைக் கொண்டு உப்பலின் ஆழத்தை மதிப்பிடுதல் தவறாகும்.

6000 பிக்சல் நீளமுள்ள படத்தில் 12 மீட்டர் அடங்கும்போது, ஒரு பிக்சல் சுவரில் 2 மி.மீ. ஆகிறது. மயிரிழை விரிசலின் அகலத்தை அதிலிருந்து அறிய இயலாது. எனவே விரிசலையும், பூச்சு உடைந்த விளிம்பில் தெரியும் அடுக்குகளையும் அளவுகோலுடன் அண்மையில் எடுத்து, ஒவ்வொரு படத்தின் எண்ணையும் முழு முகப்புப் படத்தில் அதற்குரிய இடத்தில் குறிக்கவேண்டும். அவ்விளிம்பு மறுபூச்சில் மறைந்துவிடுமாதலால், பணி தொடங்குமுன்பே இதனைச் செய்தல் வேண்டும்.

சுவரை விட்டு விலகியும் உப்பாத பூச்சை எந்த ஒளியும் காட்டாது. அதனை விரலால் தட்டி, ஒலி வேறுபடும் பரப்பை அச்சிட்ட படத்தின்மீது வரைந்து வைத்தால்தான், எந்தப் பூச்சைக் காக்கலாம், எதனை நீக்கவேண்டும் என்பதைப் பின்னர் வருவோர் முடிவுசெய்ய இயலும்.