அலுப்பாக இருக்கிறதா, மாணவரே?

பாடத்தில் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு ஈடுபாடு இருக்கிறது என்று அளக்கப் பலரும் எடுப்பது லிக்கர்ட் அளவுகோலைத்தான். ரென்சிஸ் லிக்கர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1932இல் வெளியிட்ட முறை இது. ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, ‘முற்றிலும் மறுக்கிறேன்’ முதல் ‘முற்றிலும் ஏற்கிறேன்’ வரை ஐந்து கட்டங்களில் ஒன்றில் டிக் போடச் சொல்வார்கள்.

வாக்கியம் எழுதுவதில்தான் சிக்கல். ‘பாடத்தைக் கவனித்து வீட்டுப்பாடத்தையும் முடித்துவிடுவேன்’ என்று எழுதினால், கவனித்துவிட்டு வீட்டுப்பாடத்தை மட்டும் விட்டுவிடுகிற பையன் எங்கே டிக் போடுவான்? ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும். ‘எனக்கு அலுப்பு வருவதில்லை’ என்பதும் ஆகாது. அதை மறுப்பவர் இரண்டு ‘இல்லை’களை அவிழ்க்க வேண்டியிருக்கும்.

அதற்காக எல்லாவற்றையும் புகழ்ச்சியாகவே எழுதிவிடவும் கூடாது. எதைக் கேட்டாலும் ஆமாம் போடுகிறவர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு. ஆகவே பிடிப்பைப் பற்றி நான்கு வாக்கியங்கள் எழுதினால், மூன்றை ‘இந்த வகுப்பு எனக்குப் பிடித்திருக்கிறது’ என்ற போக்கிலும், ஒன்றை ‘இந்த வகுப்பு அலுப்பாக இருக்கிறது’ என்று எதிர்த்திசையிலும் வைக்கலாம். இந்த ஒன்றுக்கு மட்டும் மதிப்பெண்ணை ஆறிலிருந்து கழித்துத் திருப்பிப் போட வேண்டும்: 5 என்றால் 1, 4 என்றால் 2.

தாளை அச்சுக்கு அனுப்புமுன் ஐந்தாறு மாணவர்களுடன் உட்கார்ந்து, ‘இதைப் படித்ததும் என்ன புரிந்தது?’ என்று வாக்கியம் வாக்கியமாகக் கேட்பது நல்லது. தெளிவு என்று நாம் நினைத்தது பெரும்பாலும் இங்கேதான் உடையும். பிறகு நாற்பது, ஐம்பது பேரிடம் முன்னோட்டம். ஒருவர் நான்குக்கும் 5 போட்டிருந்தால் படிக்காமலே டிக் அடித்திருக்கிறார் என்று சந்தேகப்படலாம்.

அடுத்து நம்பகத்தன்மை. அதாவது, நான்கு வாக்கியங்களும் ஒன்றையேதான் அளக்கின்றனவா? இதற்கு லீ குரோன்பாக் 1951இல் விளக்கிய ஆல்ஃபாவைக் கணக்கிடுவார்கள். பத்தாம் வகுப்பில் வரும் விலக்க வர்க்கச் சராசரி போதும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அது 1, மொத்த மதிப்பெண்ணுக்கு 10 என்று வைத்துக்கொள்வோம். 4ஐ 10ஆல் வகுத்து, வந்ததை ஒன்றிலிருந்து கழித்து, மூன்றில் நான்கால் பெருக்கினால் 0.8. வழக்கமாக 0.7 வந்தாலே ஏற்றுக்கொள்கிறார்கள்.

வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒரே அளவில் ஒத்துப்போகின்றன என்று கொண்டால், அலுப்பு வாக்கியத்தைத் திருப்ப மறந்தவருக்கு அதே விடைகளில் மொத்தத்தின் விலக்க வர்க்கச் சராசரி 10லிருந்து 4ஆகச் சரியும். ஆல்ஃபா பூஜ்யம்! மாணவர்களைக் குறை சொல்லத் தேவையில்லை. எந்த வாக்கியம் மற்றவற்றின் கூட்டுத்தொகைக்கு எதிராகப் போகிறது என்று பார்த்தால் திருப்பாதது அகப்பட்டுவிடும்.

ஆல்ஃபா மிக உயர்ந்து 0.95ஐத் தாண்டினாலும் எனக்குச் சந்தேகம்தான். ‘வகுப்பு பிடிக்கும்’ என்பதையே பத்து விதமாகக் கேட்டால் எண் தானாக ஏறிவிடும். வீட்டில் புத்தகத்தைத் திறந்தானா என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.