வெயிட்டேஜ் போட்டால் முதல் ரேங்க் யாருக்கு?

பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கும் வீட்டில் பொறியியல் கட்-ஆஃப் கணக்கு எல்லோருக்கும் அத்துப்படி. கணித மதிப்பெண்ணை முழுதாக எடுத்துக்கொண்டு, இயற்பியலையும் வேதியியலையும் பாதியாக்கிக் கூட்டினால் 200-க்கு இத்தனை என்று வந்துவிடும். மூன்றுமே 100 மதிப்பெண் பாடங்கள்தான். ஆனால் கணிதத்துக்கு மட்டும் இரட்டிப்புச் செல்வாக்கு. எந்த மதிப்பெண்ணுக்கு எவ்வளவு செல்வாக்கு என்று முன்கூட்டியே வகுத்து வைப்பதுதான் வெயிட்டேஜ்.

கல்லூரி ஆசிரியர்கள் பருவத்தின் கடைசியில் எக்ஸெல்லில் போடும் மதிப்பெண் பட்டியலும் இதே வகைக் கணக்குதான். அதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு: ஒவ்வொரு பகுதியும் வேறு வேறு மொத்தத்துக்கு நடந்திருக்கும். கற்பனையாக ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். முப்பது பேர், அவர்களில் நால்வரின் மதிப்பெண்கள் இவை.

| | டெஸ்ட் | அசைன்மென்ட் | செய்முறை | இறுதித் தேர்வு |
|---|---|---|---|---|
| மொத்தம் | 50 | 20 | 25 | 100 |
| வெயிட்டேஜ் | 20 | 10 | 20 | 50 |
| பாத்திமா | 39 | 20 | 24 | 70 |
| முருகன் | 45 | 12 | 14 | 84 |
| கவிதா | 40 | 18 | 20 | 72 |
| செல்வம் | | 16 | 20 | 78 |

செல்வத்தின் டெஸ்ட் கட்டம் ஏன் காலியாக இருக்கிறது என்பதைப் பிறகு பார்ப்போம். மற்ற மூவரின் மதிப்பெண்ணை அப்படியே கூட்டினால் முருகனுக்கு 155, பாத்திமாவுக்கு 153, கவிதாவுக்கு 150. முருகன்தான் முதல். ஆனால் இந்தக் கூட்டலில் ஒரு அநியாயம் ஒளிந்திருக்கிறது. செய்முறைக்கு 20 சதவீதம் என்று பருவத் தொடக்கத்தில் மாணவர்களிடம் சொல்லியிருக்கிறோம். மொத்தம் 195-இல் செய்முறையின் பங்கோ 25 மட்டுமே. அது 13 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. டெஸ்டுக்குச் சொன்னது 20, கிடைத்திருப்பது 25-க்கும் மேல். கேள்வித்தாளை எத்தனை மதிப்பெண்ணுக்கு அச்சடித்தோம் என்பதே செல்வாக்கைத் தீர்மானித்துவிடுகிறது.

ஆகவே முதலில் ஒவ்வொரு மதிப்பெண்ணையும் அதன் மொத்தத்தால் வகுக்க வேண்டும். பிறகுதான் வெயிட்டேஜால் பெருக்க வேண்டும். பாத்திமாவின் டெஸ்ட் 39/50. அதை 20-ஆல் பெருக்கினால் 15.6. அசைன்மென்ட்டில் முழு 10, செய்முறையில் 19.2, இறுதித் தேர்வில் 35. கூட்டினால் 79.8. இதேபோல் முருகனுக்கு 77.2, கவிதாவுக்கு 77. முதலிடம் பாத்திமாவுக்குப் போய்விட்டது. மொத்தங்கள் இரண்டாம் வரிசையிலும், வெயிட்டேஜ் மூன்றாம் வரிசையிலும், முதல் மாணவர் ஐந்தாம் வரிசையிலும் இருந்தால் அவருடைய F கட்டத்தில் எழுத வேண்டியது இவ்வளவுதான்:

```
=SUMPRODUCT(B5:E5/B$2:E$2,B$3:E$3)
```

இனி செல்வம். மருத்துவ விடுப்பில் இருந்ததால் அவர் டெஸ்ட் எழுதவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறோம். மேலே உள்ள சூத்திரம் காலிக் கட்டத்தைச் சுழியமாகவே எடுத்துக்கொள்ளும். அவருக்கு 63 வரும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. இந்த மௌனம்தான் ஆபத்து. காலியாக விடாமல் AB என்று தட்டியிருந்தால் `#VALUE!` என்று திரையில் வந்திருக்கும், ஆசிரியரும் விழித்துக்கொண்டிருப்பார். காலிக் கட்டம் யாரையும் எழுப்புவதில்லை.

எழுதிய பகுதிகளை மட்டும் வைத்துக் கணக்கிட வேண்டுமானால், அவற்றின் வெயிட்டேஜைக் கூட்டி அதனால் வகுக்க வேண்டும்:

```
=SUMPRODUCT(B5:E5/B$2:E$2,B$3:E$3)
 /SUMPRODUCT((B5:E5<>"")*B$3:E$3)*100
```

செல்வத்துக்கு 63-ஐ 80-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 78.75. கடைசியில் நின்றவர் இப்போது முருகனையும் கவிதாவையும் தாண்டி இரண்டாம் இடத்தில் நிற்கிறார். மற்றவர்களுக்கு விடை மாறாது. அவர்களுடைய வெயிட்டேஜ் கூட்டினால் 100-தானே. ஆனால் 78.75 என்பதற்குள் ஒரு ஊகம் இருக்கிறது: டெஸ்ட் எழுதியிருந்தால் மற்றவற்றில் எப்படிச் செய்தாரோ அப்படியேதான் செய்திருப்பார் என்று நாம் வைத்துக்கொள்கிறோம். அவருக்கு மட்டும் இறுதித் தேர்வின் செல்வாக்கு 50-இலிருந்து 62.5 சதவீதமாக ஏறிவிடுகிறது. எனக்குத் தெரிந்தவரை மறுதேர்வு வைப்பதே நேர்மையான வழி. அதற்கு வாய்ப்பில்லாதபோது இந்த இரண்டாவது சூத்திரம் போதும். விடுப்புச் சொல்லாமல் வராதவருக்குக் கட்டத்தைக் காலியாக விடாமல் 0 என்று தட்டிவிட வேண்டும். காலிக்கும் சுழியத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டைத் தாளின் மேலேயே எழுதி வைத்தால் அடுத்து அதைத் திறப்பவர் குழம்பமாட்டார்.

கிரேடுக்கு ஓரமாக ஒரு சிறு அட்டவணை போதும்: 0-க்கு U, 50-க்கு C, 60-க்கு B, 70-க்கு A, 80-க்கு A+, 90-க்கு O. VLOOKUP அதில் தேடி எடுத்துத் தரும். அட்டவணை சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கப்பட்டிருக்க வேண்டும். தலைகீழாக அடுக்கினால் கிரேடு தாறுமாறாகிவிடும்.

```
=VLOOKUP(F5,$J$2:$K$7,2,TRUE)
```

பாத்திமாவின் கட்டத்தில் தசமம் தெரியாதபடி அமைத்திருந்தால் திரையில் 80 என்று தெரியும். பக்கத்தில் கிரேடு A. எண்பதுக்கு A+ தானே என்று அந்தப் பெண் கேட்டால் என்ன சொல்வது? உள்ளே இருப்பது 79.8, எக்ஸெல் பார்வைக்குத்தான் அதை 80 ஆக்கிக் காட்டுகிறது, தேடுவது பழைய எண்ணை வைத்தே. முழு எண்ணாக்குவது என்று முடிவு செய்தால், சூத்திரத்தையே ROUND-க்குள் போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் தசமத்தை மறைக்காமல் காட்ட வேண்டும். இரண்டில் எது என்பதைத் துறை முன்பே அறிவித்திருக்க வேண்டும். பட்டியல் தயாரான பிறகு முடிவெடுத்தால் அது குறிப்பிட்ட ஒருவருக்காக எடுத்த முடிவாகிவிடும்.

அதே முடிவு ரேங்கையும் தொடும். தசமத்தோடு முருகன் 77.2, கவிதா 77. கவிதா ஒரு படி கீழே. முழு எண்ணாக்கினால் இருவருக்கும் 77, இருவரும் ஒரே இடம். முப்பது பேரில் இந்த நால்வரே முன்னணி என்றால் பாத்திமா 1, செல்வம் 2, முருகனும் கவிதாவும் 3. அடுத்தவருக்கு 4 கிடையாது, 5 தான். `RANK.EQ` அப்படித்தான் எண்ணும்.

```
=RANK.EQ(F5,F$5:F$34)
```

அந்த டாலர் குறிகளை விட்டுவிட்டுக் கீழே இழுத்தால் ஒப்பிடும் பட்டியலும் கூடவே நழுவிக்கொண்டே போகும். ஒவ்வொருவரும் தமக்குக் கீழே உள்ளவர்களோடு மட்டும் ஒப்பிடப்படுவார்கள். கடைசி வரிசையில் இருப்பவர் எத்தனை வாங்கியிருந்தாலும் முதல் ரேங்க். பட்டியலின் கடைசிப் பெயரைப் பார்த்தாலே இந்தப் பிழை பிடிபட்டுவிடும்.

77-க்கும் 77.2-க்கும் இடையே இரண்டு மாணவர்களைப் பிரிக்கும் அளவுக்கு எந்தக் கேள்வித்தாளும் துல்லியமானதல்ல. தமிழகத்தில் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வு முடிவுகளில் மாநில ரேங்க் அறிவிப்பதை 2017-இல் அரசு நிறுத்தியது. வகுப்பறையிலும் ரேங்க் நெடுவரிசை ஆசிரியரின் தாளில் இருந்தால் போதும், அறிவிப்புப் பலகையில் வேண்டாம் என்பதே என் கருத்து.

ஒட்டுவதோ அனுப்புவதோ எதுவானாலும், அதற்கு முன் பட்டியலில் ஒரு போலி மாணவரைச் சேர்த்து எல்லாவற்றிலும் முழு மதிப்பெண் கொடுத்துப் பாருங்கள். 100 வர வேண்டும், கிரேடு O வர வேண்டும். 98 வந்தாலோ 105 வந்தாலோ மொத்தங்களின் வரிசையில் ஒரு எண் தவறு. சரிபார்த்ததும் அந்தப் பெயரை அழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பாத்திமா இரண்டாம் ரேங்க் ஆகிவிடுவார்.