ஒரு ரூபாய் அனுப்பிப் பெயர் கேட்பது

காசோலை எழுதும்போது யார் பெயருக்கு என்று எழுதுகிறோம். வங்கியும் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் பணம் தருகிறது. இணையம் வழியாகப் பணம் அனுப்பும்போதும் பெயர் கேட்கிறார்கள். ஆனால் அந்தப் பெயரை எவரும் பார்ப்பதில்லை. கணக்கு எண்ணை மட்டும் வைத்தே வரவு வைத்துக்கொள்ளலாம் என்று ரிசர்வ் வங்கி 2010-இலேயே சொல்லிவிட்டது. ‘முருகேசன்’ என்று தட்டச்சு செய்துவிட்டு எண்ணில் ஓர் இலக்கம் மாறிப்போனால், அந்த எண்ணுக்குரியவர் யாரோ அவருக்குப் பணம் போய்ச் சேரும். திருப்பித் தருவது அவர் மனசைப் பொறுத்தது.

இந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் ‘பென்னி டிராப்’. நிறுவனங்கள் சம்பளமும் கூலியும் சரக்குக்கான பணமும் மொத்தமாக அனுப்பப் பயன்படுத்தும் தளங்களில் புதிதாக ஒருவரைச் சேர்த்ததும், அவர் கணக்குக்கு முதலில் ஒரு ரூபாய் போகும். போவது ஐஎம்பிஎஸ் வழியாக. தளத்தின் வங்கியிலிருந்து தேசிய கொடுப்பனவுக் கழகத்தின் இணைப்பகத்துக்கும், அங்கிருந்து பெறுபவரின் வங்கிக்கும் செய்தி சில நொடிகளில் ஓடும். அந்த வங்கி ரூபாயை வரவு வைத்துவிட்டு, தன் ஏட்டில் அந்தக் கணக்கு எந்தப் பெயரில் இருக்கிறது என்பதைப் பதிலோடு சேர்த்து அனுப்பும். ரூபாய் ஒரு சாக்குதான். வேண்டியது அந்தப் பெயர். ரூபாயை யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

சரி, திரையில் சிவப்பாக ‘Verification failed’ என்று வந்தால் என்ன பொருள்? இதில்தான் குழப்பம். ரூபாய் போகவே இல்லை என்றாலும் அதே சிவப்பு. போய்ச் சேர்ந்து பெயர் ஒத்துவரவில்லை என்றாலும் பல தளங்களில் அதே சிவப்பு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. விவரப் பகுதியைத் திறந்து காரணத்தைப் படிக்காமல் மறுபடி மறுபடி பொத்தானை அழுத்துவதில் பயனில்லை. பல தளங்கள் ஒவ்வொரு முறைக்கும் கட்டணமும் பிடிக்கும்.

கரூரில் ஒரு வீட்டு ஜவுளி ஏற்றுமதி நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நெசவு, சாயம், தையல் என்று வெளியே வேலை செய்து தருபவர்களின் பட்டியலைக் கணக்குப் பார்ப்பவர் எக்செல் தாளிலிருந்து தளத்தில் ஏற்றுகிறார். பெரும்பாலானவை பச்சை. மூன்று மட்டும் சிவப்பு.

முதலாவதில் ஐஎஃப்எஸ்சி ‘LAVB’ என்று தொடங்குகிறது. கரூரில் 1926-இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியின் குறியீடு அது. அந்த வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டுவிட்டது. அந்தக் கிளைகளின் குறியீடு இப்போது ‘DBSS’ என்று தொடங்கும். தறிக்காரரோ பழைய பாஸ்புக்கைப் பார்த்து எழுதிக்கொடுத்திருக்கிறார். சிண்டிகேட், அலகாபாத், ஆந்திரா, கார்ப்பரேஷன் வங்கிகளின் பழைய வாடிக்கையாளர்களுக்கும் இதே கதைதான். ஐஎஃப்எஸ்சி பதினொரு எழுத்து. முதல் நான்கு வங்கியைக் குறிக்கும். ஐந்தாவது எப்போதும் பூஜ்ஜியம், ‘O’ என்ற ஆங்கில எழுத்து அல்ல. முதல் நான்கு எழுத்தும் இல்லாமல் போன வங்கியுடையது என்றால் செய்தி போய்ச் சேர இடமே இல்லை. புதுக் குறியீட்டை வாங்கிப் போட்டால் தீர்ந்தது.

இரண்டாவது கொஞ்சம் வில்லங்கமானது. தையற்காரரின் கணக்கு கரூர் வைசியா வங்கியில். அதன் கணக்கு எண் பதினாறு இலக்கம். எக்செல் ஓர் எண்ணில் பதினைந்து இலக்கம் வரைதான் நினைவில் வைக்கும். அதற்கு மேல் உள்ளதைச் சத்தமில்லாமல் பூஜ்ஜியமாக்கிவிடும். கற்பனையான ஓர் எண்ணை வைத்துப் பார்ப்போம்:

```
தட்டச்சு செய்தது : 1234567890123456
எக்செல் காட்டுவது : 1.23457E+15
உள்ளே இருப்பது   : 1234567890123450
```

கடைசி 6 காணோம். கட்டத்தின் வடிவத்தைப் பிறகு மாற்றினாலும் அது திரும்பாது. எண்ணை மறுபடி அடிக்க வேண்டியதுதான். அடிப்பதற்கு முன்பே அந்தப் பத்தியை ‘Text’ என்று மாற்றிவைத்திருக்க வேண்டும். அப்படி ஒழுங்காகச் செய்தவர்களையும் வேறொரு இடத்தில் மாட்டிவிடும்: சிஎஸ்வி கோப்பாகச் சேமித்து, ‘எல்லாம் சரியா’ என்று பார்க்க அதை எக்செல்லில் இருமுறை சொடுக்கித் திறந்து, மறுபடி சேமித்தால், அது திரும்பவும் எண்ணாகிக் கடைசி இலக்கத்தை இழக்கும். பூஜ்ஜியத்தில் தொடங்கும் கணக்கு எண்களுக்கு முன்னால் உள்ள பூஜ்ஜியங்கள் போய்விடும். ஒரு பட்டியலில் ஒரே வங்கிக்காரர்கள் மட்டும் வரிசையாகச் சிவப்பானால், அந்த வங்கியைத் திட்டுவதற்கு முன் எண்களின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். எல்லாம் பூஜ்ஜியம் என்றால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

இப்படிக் கெட்டுப்போன எண்ணில் பெரும்பாலும் கணக்கே இருக்காது, ரூபாய் போகாது, நல்லது. அந்த எண்ணில் நிஜமாகவே வேறு யாருக்காவது கணக்கு இருந்தால்தான் ஆபத்து. ரூபாய் சுகமாகப் போய்ச் சேரும், பதிலில் வேறொரு பெயர் வரும். அங்கே சோதனை தோற்கவில்லை, தன் வேலையைச் செய்திருக்கிறது.

மூன்றாவது சிவப்பு பெயரால் வந்தது. சாயப்பட்டறைக்காரர் பான் அட்டையைக் கொடுத்திருந்தார். அதில் ‘SUBRAMANIAN MURUGESAN’ என்று இருந்தது, அப்படியே ஏற்றினார்கள். வங்கி சொன்ன பெயர் ‘MURUGESAN S’. நம் வீட்டுப் பாட்டி கூட ஒரே ஆள் என்பார். எந்திரத்துக்கு அது தெரியாது.

பெயர்ப் பொருத்தம் பார்க்கும் மென்பொருள் இரு பெயர்களையும் எழுத்து எழுத்தாகவும் சொல் சொல்லாகவும் ஒப்பிட்டு ஒரு மதிப்பெண் போடும். அது குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் சிவப்பு. குடும்பப் பெயர் முழுதாக எழுதப்படும் ஊர்களுக்கு இது ஓரளவு சரிப்படும். நம்மிடம் தகப்பன் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி, முன்னாலோ பின்னாலோ ஒட்டிக்கொள்கிறது. பான் விண்ணப்பத்திலோ தலைப்பெழுத்தை விரித்துத்தான் எழுத வேண்டும். ஆகவே ஒரே மனிதர் பானில் ஒரு மாதிரி, பாஸ்புக்கில் இன்னொரு மாதிரி. இதனால் சரியான ஆளுக்கு மதிப்பெண் குறைந்துவிடுகிறது. அதோடு போனால் பரவாயில்லை. ‘S MURUGESAN’, ‘P MURUGESAN’ என்ற இரண்டையும் ஒப்பிடுங்கள்: ஓர் எழுத்துத்தான் வித்தியாசம், மதிப்பெண் பிரமாதமாக வரும். நமக்கோ அவர்கள் இரு வேறு அப்பாக்களின் பிள்ளைகள். மதிப்பெண்ணைப் பார்த்துப் பச்சை, சிவப்பு என்று நம்பிவிடாமல், வங்கி அனுப்பிய பெயரைக் கண்ணால் படியுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

கடைப்பெயரில் பில், சொந்தப் பெயரில் கணக்கு என்பதும் சிறு தொழிலில் சகஜம். அங்கே ஜிஎஸ்டி பதிவுச் சான்றிதழ் கைகொடுக்கும். சட்டப்படியான பெயர், வணிகப் பெயர் இரண்டும் அதில் இருக்கும். சாயப்பட்டறைக்காரர் விஷயத்தில் ஒரு போன் போதும்.

“அண்ணா, பாஸ்புக்குல உங்க பேர் எப்படி அடிச்சிருக்குதுங்க?”

“முருகேசன், பக்கத்துல எஸ்னு இருக்குதுங்க.”

“அப்படியே முதல் பக்கத்த போட்டோ எடுத்து அனுப்பிருங்கண்ணா.”

இந்த உரையாடலில் கணக்குப் பார்ப்பவர் ஒன்றைக் கவனமாகச் செய்தார்: வங்கி என்ன பெயர் சொன்னது என்பதை அவர் முந்திக்கொண்டு சொல்லவில்லை. விடையைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்டால் யாரும் ‘ஆமாங்க’ என்றுதான் சொல்வார்கள்.

இன்னொரு நிலை உண்டு: சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை, ‘Pending’. பெறுபவரின் வங்கிக் கணினியிலிருந்து நேரத்துக்குப் பதில் வரவில்லை என்று பொருள். ரூபாய் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். பெறுபவருக்குக் குறுஞ்செய்தி வராததை வைத்து முடிவு செய்யக் கூடாது. சிறு தொகைக்குப் பல வங்கிகள் குறுஞ்செய்தி அனுப்புவதில்லை. கணக்கு விவரத்தில் ஒரு ரூபாய் வரவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லலாம். ஐஎம்பிஎஸ்ஸில் பணம் கழிந்து, சேர வேண்டியவருக்குச் சேரவில்லை என்றால் மறுநாளுக்குள் திருப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019 விதி. ஆகவே ஒரு நாள் பொறுத்தால் விடை தானாகவே வந்துவிடும்.

எண்ணும் குறியீடும் பெயரும் சரியாக இருந்தும் ரூபாயை வாங்க மறுக்கும் கணக்குகளும் இருக்கின்றன. வெளிநாட்டில் வேலை பார்ப்பவரின் என்ஆர்ஈ கணக்கு அப்படிப்பட்டது. உள்ளூர் வருமானம் அதில் நேரடியாக விழக் கூடாது, அவருடைய என்ஆர்ஓ கணக்கைத்தான் வாங்க வேண்டும். போலீஸ் விசாரணையில் முழுதாக முடக்கப்பட்ட கணக்கும் வாங்காது. சாதாரணமாக வாங்கிக்கொண்டிருந்த ஒருவரின் கணக்கு திடீரென்று முடங்கிக் கிடந்தால், ஏன் என்று கேட்பது முதலாளியின் உரிமை.

பெரும்பாலான தளங்களில் சோதனை தோற்றாலும் ‘பரவாயில்லை, சேர்’ என்று ஒரு வழி இருக்கும். சாயப்பட்டறைக்காரருக்கு, பாஸ்புக் பக்கத்தைப் பார்த்தபின், அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் பழகிய வியாபாரியிடமிருந்து ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று மின்னஞ்சல் வந்து, புதுக் கணக்குக்கு அனுப்பிய ரூபாய் சம்பந்தமில்லாத பெயரோடு பதில் கொண்டுவந்தால், அந்தப் பொத்தானைத் தொடக் கூடாது. மின்னஞ்சலில் உள்ள எண்ணுக்கும் போன் செய்யக் கூடாது. மோசடிக்காரர் தன் எண்ணைத்தான் அதில் போட்டிருப்பார். பழைய பில்லில் உள்ள எண்ணுக்குப் பேச வேண்டும்.

ரூபாய் அனுப்பாமலே பெயரைக் கேட்கும் வசதியும் இப்போது வந்துவிட்டது. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் வழியாகப் பணம் அனுப்புவோருக்கு, அனுப்பும் முன் பெறுபவரின் பெயரைக் கட்டணமின்றிக் காட்ட வேண்டும் என்று 2024 டிசம்பரில் ரிசர்வ் வங்கி ஆணையிட்டு, 2025 ஏப்ரல் 1 வரை வங்கிகளுக்குக் கெடு கொடுத்தது. தளங்களிலும் ‘பென்னிலெஸ்’ என்ற பெயரில் இதே போன்ற சோதனை இருக்கிறது. பெயருக்கு அது போதும். ஆனால் பெயரைச் சொன்ன கணக்கு பணத்தையும் வாங்கிக்கொள்ளுமா என்பதை அது சொல்லாது. பெரிய தொகை போகப்போகிற புதுக் கணக்கு என்றால் அந்த ஒரு ரூபாயை அனுப்பிப் பார்ப்பதே நல்லது.