சுவரில் ஒட்டும் முன் ரவுட்டரைப் பாருங்கள்

டியூஷன் சென்டர் சுவரில் வைஃபை விதிகளை எழுதி ஒட்டுவது எளிது. 'ஒருவருக்கு ஒரு நாளைக்கு 500 எம்பி மட்டும்' என்று அதில் ஒரு வரி சேர்ப்பதும் எளிது. ஆனால் வீட்டு உபயோகத்துக்கான சாதாரண ரவுட்டருக்கு, ஒவ்வொரு போனும் எத்தனை எம்பி எடுத்தது என்று கணக்கு வைத்து நிறுத்தத் தெரியாது. பையன்கள் இதை இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு நோட்டீஸின் மற்ற வரிகளுக்கும் மதிப்பிருக்காது. ரவுட்டரால் காப்பாற்ற முடிந்த விதியை மட்டும் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உதாரணத்துக்கு ஒரு பிளஸ் டூ சென்டர். 50 எம்பிபிஎஸ் இணைப்பு, மாதம் 3300 ஜிபி வரை முழு வேகம். மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை முப்பது பேர். ஆசிரியரின் கணினிக்கும் புரொஜெக்டருக்கும் 10 எம்பிபிஎஸ் ஒதுக்கினால் மாணவர்களுக்கு 40 மிச்சம். அந்த 40-ஐயும் மூன்று மணி நேரம் இடைவிடாமல் இழுத்தால்கூட ஒரு நாளைக்கு 54 ஜிபிதான். மாதம் 26 நாள் வகுப்பு என்றால் சுமார் 1400 ஜிபி. ஆக, இந்த சென்டரில் மாதக் கோட்டா தீராது. ஆறரை மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் வீடியோ போடும்போது வேகம்தான் தீரும். நோட்டீஸில் எழுத வேண்டிய வரம்பு வேகத்துக்கானது.

ஒரு போனுக்கு 2 எம்பிபிஎஸ் என்று வைத்தால், 480பி தரத்தில் பாட வீடியோ தடங்கலின்றி ஓடும். இருபது பேர் ஒரே சமயத்தில் பார்க்கலாம். ரவுட்டரில் `Bandwidth Control` அல்லது `QoS` என்ற பக்கத்தில் இதை அமைக்கலாம். இணைப்போடு தருகிற சில ரவுட்டர்களில் போன் வாரியாகப் பிரிக்க வழி இருக்காது. அப்படியானால் கெஸ்ட் வைஃபை முழுவதற்கும் 40 என்று மட்டும் கட்டுங்கள். நோட்டீஸிலும் அதையே எழுதுங்கள்.

வேகம் குறைந்தால் கேம் ஆடுகிறவனைத்தான் முதலில் சந்தேகிக்கிறோம். பெரும்பாலும் அவன் காரணமில்லை. வீட்டில் மொபைல் டேட்டாவோடு இருந்த போன், வைஃபை கிடைத்ததுமே தேங்கிக் கிடந்த ஆப் அப்டேட்டுகளை இறக்குகிறது. போட்டோக்களை பேக்கப்புக்கு ஏற்றுகிறது. பையிலிருந்தபடியே இதைச் செய்வதால் மாணவனுக்கே தெரியாது. வகுப்பு இல்லாத நேரத்திலும் ஆறரை மணிக்கும் ஸ்பீடு டெஸ்ட் எடுத்துப் பாருங்கள். அப்லோடு வேகம் மட்டும் படுத்திருந்தால் பேக்கப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் அந்த வைஃபையின் அமைப்புக்குள் போய் `Treat as metered` என்று மாற்றச் சொல்ல வேண்டும்; ஐபோனில் `Low Data Mode`. தானாக ஓடும் வேலைகள் பெருமளவு நின்றுவிடும். நோட்டீஸில் அதிகம் பயன் தரப்போவது இந்த ஒரு வரிதான்.

அடுத்தது பாஸ்வேர்டு. சுவரில் ஒட்டியது ஊருக்கே தெரிந்தது என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் படமெடுத்து வாட்ஸப் குழுவில் போட்டால் போதும். எனவே மெயின் வைஃபை வேறு, கெஸ்ட் வேறு என்று இருக்க வேண்டும். வினாத்தாள் இருக்கும் கணினி, பிரின்டர், கேமரா எல்லாம் மெயினில். பிரிவினை சரியாக நடந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு: போனை கெஸ்ட்டில் இணைத்து, பிரவுசரில் ரவுட்டரின் முகவரியைத் தட்டுங்கள், பல ரவுட்டர்களில் அது `192.168.1.1`. லாகின் பக்கம் திறந்தால் பிரிவினை முழுமையில்லை. கெஸ்ட் அமைப்பில், உள் நெட்வொர்க்கைப் பார்க்க விடும் தேர்வு ஆன் ஆகியிருக்கும். அதை ஆஃப் செய்யுங்கள்.

பாஸ்வேர்டுக்குக் குறைந்தது எட்டு எழுத்து வேண்டும். சென்டரின் போன் நம்பர் வேண்டாம். அது வாசல் போர்டிலேயே இருக்கிறது. பூஜ்யமும் O-வும், 1-ம் சிறிய l-ம் குழப்பும், அவற்றையும் தவிர்த்துவிடுங்கள். நோட்டீஸ் இப்படி இருக்கலாம்:

மாணவர் வைஃபை: `Tuition-Guest`
பாஸ்வேர்டு: `kudai47mazhai` (மாதம் முதல் தேதி மாறும்)
ஒரு போனுக்கு வேகம் 2 எம்பிபிஎஸ். வீடியோவை 480பி-யில் வையுங்கள்.
இணைத்ததும் `Treat as metered` மாற்றுங்கள்.
சினிமா, கேம் டவுன்லோடு வேண்டாம்.
இணையவில்லை என்றால் ஆபீஸ் மேஜையில் கேளுங்கள்.

தட்டுவதற்குப் பதில் ஸ்கேன் செய்ய கியூஆர் கோடும் வைக்கலாம். அதற்குள் இருப்பது இந்த வரிதான்:

```
WIFI:T:WPA;S:Tuition-Guest;P:kudai47mazhai;;
```

பாஸ்வேர்டு மாறும் நாளில் இந்தக் கோடும் மாற வேண்டும். பழையது சுவரிலேயே இருந்தால் ஸ்கேன் ஆகும், ஆனால் போன் இணையாது. எல்லோரும் ரவுட்டர் கெட்டுவிட்டது என்பார்கள். விதிகளை லேமினேட் செய்துவிட்டு, பாஸ்வேர்டையும் கோடையும் தனித் துண்டுச் சீட்டில் அச்சிட்டு அதன் கீழே ஒட்டினால், மாதா மாதம் அந்தச் சீட்டை மட்டும் மாற்றினால் போதும்.