பாங்காக் பேருந்து, சுவிஸ் கணக்கு

பாங்காக்கில் மின்பேருந்துகள் ஓடியதால் குறைந்த கரியமில வாயுவில் 1,916 டன்னை சுவிட்சர்லாந்தின் கிளிக் அறக்கட்டளை வாங்கியது. பாரிஸ் ஒப்பந்தத்தின் 6ஆம் பிரிவின்கீழ் நடந்த முதல் கைமாற்றம் அது, ஆண்டு 2023.

அந்தக் குறைப்பை இரு நாடுகளும் தத்தம் சாதனையாக எழுதிக்கொண்டால், ஒரு டன் காகிதத்தில் இரண்டாகிவிடும். அதனால் விற்ற தாய்லாந்து தன் உமிழ்வுக் கணக்கில் 1,916 டன்னைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அதே அளவை சுவிட்சர்லாந்து கழித்துக்கொள்ளலாம். ஐ.நா.வுக்கு இரு நாடுகளும் தரும் அறிக்கைகளில் இந்த எண்கள் ஒத்துப்போக வேண்டும்.

இந்தச் சரிக்கட்டல் இரட்டை எண்ணிக்கையை மட்டுமே தடுக்கும். விற்ற பணம் இல்லாமலே அந்தப் பேருந்துகள் வந்திருக்கும் என்றால், கணக்கு நேராக இருந்தும் காற்றுக்குப் பயனில்லை. எளிய குறைப்புகளையெல்லாம் விற்றுவிடும் நாட்டுக்கோ, தன் சொந்த இலக்கை எட்டக் கடினமானவையே மிஞ்சும்.