நெல் ஏன் 'நெற்' ஆகிறது?

தஞ்சையை நெற்களஞ்சியம் என்கிறோம். 'நெல்' என்ற சொல் வல்லினத்தின் முன் 'நெற்' ஆகிறது: நெற்கதிர், நெற்பயிர். மெல்லினத்தின் முன் 'நென்' ஆகிறது: நென்மணி. இடையினத்தின் முன் மாறுவதில்லை: நெல்வயல். பொருள் ஒன்றே, அடுத்து வரும் ஒலியே வடிவத்தைத் தீர்மானிக்கிறது. இன்று 'நெல்மணி' என்று எழுதுவோரே மிகுதி எனினும், 'நெற்பயிர்' வழக்கில் நிலைத்திருக்கிறது.

எல்லா மாற்றங்களுக்கும் ஒலியே காரணமன்று. வெண்ணாற்றில் நீர் வருகிறது. விளைச்சலில் ஆறில் ஒரு பங்கு அரசனுக்கு என்பது பழைய மரபு. நதியைக் குறிக்கும் 'ஆறு', எண்ணைக் குறிக்கும் 'ஆறு' இரண்டும் ஒலியில் ஒன்றே. சேரும் உருபும் 'இல்' என்பதே. ஆயினும் நதிப்பெயரில் றகரம் இரட்டிக்கிறது, எண்ணுப்பெயரில் இரட்டிப்பதில்லை. இங்கே வடிவத்தை முடிவு செய்வது ஒலியன்று, சொல்.

இதன் விளைவு இலக்கண வகுப்போடு நிற்பதில்லை. எழுத்துகளை அப்படியே ஒப்பிடும் கணினித் தேடலில் 'நெல்' என்று இடும் உழவருக்கு, 'நெற்பயிர்க் காப்பீடு' என்ற அறிவிப்பு அகப்படாது, 'நெல்லிக்காய்' அகப்படும். தமிழ்த் தேடலுக்கு ஒலிவிதியோடு சொல்லகராதியும் வேண்டும்.