கண்ணை இறுக மூடிக்கொண்டால் பயம் போகாது

மழை பெய்த ஒரு மாலையில் பைபாஸ் சந்திப்பில் லாரி மோதித் தூக்கி எறியப்பட்ட இளைஞர் ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். உடைந்த கால் கூடிவிட்டது. ஆனால் 6 மாதம் ஆகியும் ஏர் ஹாரன் கேட்டால் உடம்பு நடுங்குகிறது. தூக்கத்தில் அந்த டயர் வருகிறது. பைக்கைத் தொடுவதில்லை. அந்தச் சந்திப்புப் பக்கமே போகாமல் சுற்றிப் போகிறார். சுற்றிப் போனதும் மனசு லேசாகிறது. அந்த நிம்மதிதான் நோயை வளர்க்கிறது. ‘அந்த வழியில் போனால் செத்துவிடுவேன்’ என்ற எண்ணம் சரியா என்று பார்க்க வாய்ப்பே கிடைப்பதில்லை.

உளவியலாளர் எட்னா ஃபோவா உருவாக்கிய ‘நீடித்த எதிர்கொள்ளல்’ சிகிச்சை இந்த இடத்தில்தான் கை வைக்கிறது. வழக்கமாக 8 முதல் 15 அமர்வுகள், ஒவ்வொன்றும் 90 நிமிடம். முதல் அமர்வில் சிகிச்சையின் காரணத்தை விளக்கி, மூச்சை நிதானப்படுத்தவும் சொல்லித் தருவார்கள். இரண்டாவதில், தவிர்ப்பவற்றை 0 முதல் 100 வரை பயத்துக்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துவார்கள். நம் இளைஞருக்கு, நிற்கும் பைக்கில் உட்காருவது 30. மைத்துனர் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து போவது 60. அந்தச் சந்திப்பைத் தானே ஓட்டிக் கடப்பது 95. இவற்றைக் கீழிருந்து மேலாக வீட்டுப்பாடமாகச் செய்வார். பயம் ஓரளவு தணியும் வரை விலகக் கூடாது என்பதே விதி.

மூன்றாவது அமர்விலிருந்து கண்ணை மூடி, விபத்து இப்போது நடப்பதுபோல் அரை மணிக்கும் மேலாகத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். அதைப் பதிவுசெய்து தினமும் வீட்டில் கேட்க வேண்டும். சொல்லி முடித்ததும், அதிலிருந்து என்ன புரிந்தது என்று இருவரும் பேசுவார்கள்.

தவிர்ப்பு இங்கேயும் நைசாக நுழைந்துவிடும். சந்திப்பைக் கடந்தேன் என்பார். கேட்டால், மைத்துனரின் சட்டையைப் பிடித்துக் கண்ணை இறுக மூடியிருந்திருப்பார். ‘லாரி இடிச்சது, ஆஸ்பத்திரியில முழிச்சேன்’ என்று கதையை ஒரே தாவலில் முடிப்பார். பதிவைக் கேட்க நேரமில்லை என்பார். அனுபவமுள்ள சிகிச்சையாளர் கண்டிக்க மாட்டார். ‘பயமா இருக்கிறதாலதான் தள்ளிப்போடத் தோணுது, அது இயல்புதான்’ என்று ஒப்புக்கொண்டு, காரணத்தை மறுபடி நினைவூட்டி, படியைச் சிறிதாக்குவார்: முதலில் சந்திப்பருகே கண் திறந்து நிற்கட்டும். ஆனால் பயிற்சியைக் கைவிட விடமாட்டார். தாவிய இடத்தில் நிறுத்தி, ‘கீழே கிடக்கும்போது என்ன தெரியுது?’ என்று கேட்பார். பெரும்பாலும் அங்கேதான் ‘நான் வேகமா வந்ததுதான் தப்பு’ என்ற குற்றவுணர்வு ஒளிந்திருக்கும். பிந்தைய அமர்வுகளில் அந்தத் துண்டை மட்டும் எடுத்துச் சொல்ல வைப்பார்.

ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்வதோ, அடைமழையில் ஓட்டச் சொல்வதோ இந்தச் சிகிச்சையில் கிடையாது. நிஜ ஆபத்துக்குப் பழக்குவது அதன் வேலையல்ல. தற்கொலை எண்ணம் தீவிரமாக இருந்தால் முதலில் அதைத்தான் கவனிப்பார்கள். தொடக்க வாரங்களில் சிலருக்குக் கனவுகள் கூடலாம். அதைச் சிகிச்சையாளரிடம் சொல்ல வேண்டும். அதற்காக அடுத்த அமர்வைத் தவறவிடக் கூடாது.